சதைக்குள் இறங்கிய கால் நகம்: சிவந்து தெறிக்கும்போது கேட்கும் கேள்விகள்

சிறு அறுவை அறையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கால் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, வழக்கமாக நான் சொல்லும் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் தங்களுக்கான கேள்வியை முதலில் படித்துவிடுங்கள். வீட்டிலேயே ஊறவைத்துப் பார்க்கும் வழி உங்களுக்கானது இல்லை.

கட்டைவிரல் ஓரம் சிவந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. இது நகச்சுத்தியா, நகம் உள்ளே போய்விட்டதா?

நகத்தைச் சுற்றி எது வீங்கினாலும் நகச்சுத்தி என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு. நகச்சுத்தியில் நகத்தின் அடிப்பக்கத் தோலும் ஓரத் தோலும் கிருமி தாக்கி வீங்கும். நகத்தின் விளிம்பு எங்கேயும் குத்திக்கொண்டிருக்காது. நகம் உள்ளே இறங்கியதில் வலிக்கு ஒரு முகவரி இருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியால் நகத்தின் ஓரத்தை அடியிலிருந்து நுனி வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். முன்மூலைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளியில் உயிர் போகிற மாதிரி வலித்தால், பெரும்பாலும் நகம்தான் அங்கே சதையைக் குத்துகிறது. அந்த இடத்தில் நகத்தின் மூலை கண்ணுக்கே தெரியாமல் சதைக்குள் மறைந்திருக்கும்.

வேறு இரண்டையும் மனதில் வையுங்கள். வலியும் சிவப்பும் நகத்தின் ஓரத்தில் இல்லாமல், கட்டைவிரல் பாதத்தோடு சேரும் மூட்டில் இருந்தால் அது நகத்தின் வேலை இல்லை. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கமாக இருக்கலாம். எங்கேயாவது இடித்துக்கொண்டு நகத்தின் அடியில் கறுநீலமாக ரத்தம் கட்டித் தெறித்தால் அதற்கு வைத்தியம் வேறு.

போன வாரம்தான் ஓரத்தை ஆழமாக வெட்டி எடுத்தேன். ரெண்டு நாள் சுகமாக இருந்தது. இப்போது முன்பைவிட வலிக்கிறதே, ஏன்?

நீங்கள் வெட்டியதால்தான். கோபப்படாதீர்கள், வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை இதுவே.

நகத்தின் பக்கவாட்டு விளிம்பு சதைக்குள் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரியான பள்ளத்தில் படுத்திருக்கிறது. நகவெட்டியைச் சாய்த்து மூலையை எடுக்கும்போது, நகத்தின் மேல்பாகம் வெட்டுப்படும். ஆனால் பள்ளத்துக்குள் இருக்கும் கடைசி விளிம்பு வரை வெட்டியின் வாய் போகாது. மிச்சத்தை நீங்கள் பிய்த்து எடுப்பீர்கள், அல்லது அது தானாகக் கிழியும். கிழிந்த இடத்தில், பக்கவாட்டு விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஒரு கூரான சிலும்பு நின்றுவிடும். மீன் முள் மாதிரி முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அது வெளியே தெரியாது. அழுத்திக்கொண்டிருந்த மூலை போய்விட்டதால் இரண்டு மூன்று நாள் சுகமாக இருக்கும். அதற்குள், மூலை இருந்த வெற்றிடத்தைச் சதை மேலெழுந்து நிரப்பிக்கொள்ளும். நகம் மெல்ல முன்னே வளர வளர, அந்த முள் நேராகப் போய் அந்தச் சதையில் ஏறும். நடக்கும்போது தரை சதையை மேலே தள்ளுகிறது, முள் கீழே குத்துகிறது. தோல் ஓட்டையானதும் கிருமி உள்ளே போகிறது.

காலில் முள் ஏறினால் முள்ளை உள்ளேயே விட்டுவிட்டு மேலே மருந்து தடவிக்கொண்டிருக்க மாட்டோம். இதுவும் முள்தான். நம் சொந்த நகத்தால் ஆனது என்பதுதான் வித்தியாசம். இந்தப் பக்கத்தில் இனிச் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது: அந்த முள் சதையைத் தாண்டி வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் யாராவது அதை வெளியே எடுக்க வேண்டும்.

இறுக்கமான ஷூ, வியர்த்து ஊறிய பாதம், பந்து உதைப்பது, பிறவியிலேயே இரு பக்கமும் வளைந்த நகம் எல்லாம் இதற்குத் துணை போகும். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கும் இப்படி வருவதுண்டு. அந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பகலில் தாங்க முடிகிறது. ராத்திரி படுத்தால் ஏன் இந்தத் துடிப்பு?

வீங்கிய சதைக்கு விரிய இடம் இல்லை. ஒரு பக்கம் நகம், ஒரு பக்கம் எலும்பு. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அங்கே அழுத்தம் ஏறி இறங்குவதைத்தான் தெறிப்பாக உணர்கிறீர்கள். பகலெல்லாம் காலைத் தொங்கவிட்டிருந்ததால் சேர்ந்த வீக்கமும், மேலே விழும் போர்வையின் பாரமும் கூடச் சேர்ந்துகொள்ளும். இரண்டு தலையணை வைத்துப் பாதத்தை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்திப் படுங்கள், போர்வைக்கு வெளியே காலை விடுங்கள். ஒத்துக்கொள்கிறவர்கள் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். காலை உயர்த்தியும் தெறிப்பு குறையாமல், ஓரம் பளபளவென்று இறுகி, மஞ்சளாக ஒரு முனை தெரிந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. அதை வீட்டில் ஊசியால் குத்தாதீர்கள். காலையில் டாக்டரிடம் போங்கள்.

வெந்நீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், உப்பு போட வேண்டுமா?

வெதுவெதுப்பு போதும். முழங்கையைத் தண்ணீரில் வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுருக்கென்றால் ஆறவிடுங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை. கொஞ்சம் சோப்பு கரைத்தாலே சரி. எப்சம் உப்பு இருந்தால் ஒரு லிட்டருக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் போடலாம். உப்பு இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம், வேலை செய்வது பெரும்பாலும் வெதுவெதுப்பான தண்ணீர்தான். நகமும் ஓரச் சதையும் இளகும், காய்ந்த கசிவு கரைந்து வடியும், வலி சற்று அடங்கும். முள்ளை அது கரைக்காது. இதை எதிர்பார்த்துத்தான் பலர் மாதக்கணக்கில் வாளியும் காலுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஊறவைத்ததைவிட முக்கியம் அதற்கு அடுத்த இரண்டு நிமிடம். சுத்தமான துணியால் விரலிடுக்கு உட்பட ஒற்றித் துடையுங்கள். நகம் இளகியிருக்கும் அந்த நேரத்தில், பஞ்சு சுற்றிய குச்சியாலோ கழுவிய விரலாலோ ஓரச் சதையை நகத்தை விட்டு வெளிப்பக்கமாகவும் கீழாகவும் தள்ளுங்கள். பத்துப் பதினைந்து தடவை, மெதுவாக. வலி பொறுக்கிற அளவுக்கு மட்டும். அப்புறம் மெல்லிதாக வாசலின் தடவி, தேவைப்பட்டால் காற்றுப் போகிற மாதிரி ஒரு துணிக்கட்டு. விரல் முன்புறம் திறந்த செருப்பு, அல்லது முன்பக்கம் நன்றாக அகன்ற ஷூ. காலையில் ஊறவைத்துவிட்டு எட்டு மணி நேரம் இறுக்கமான ஷூவுக்குள் காலை வைத்தால் ஊறவைத்த பலன் அங்கேயே போய்விடும்.

அதிக நேரம் ஊறினால் நல்லது என்று மணிக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் வெளுத்துச் சுருங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அப்படி ஊறிய தோலை முள் சுலபமாகக் கிழிக்கும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நானும் இதையே செய்யலாமா?

வேண்டாம். சிவந்த அன்றே டாக்டரைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. வெதுவெதுப்பு என்று நினைத்த தண்ணீர் கொப்பளிக்க வைத்துவிடும். ஊறி இளகிய தோல் கிழிந்தால் ஆறுவதும் சிரமம். வலி இல்லையே என்று தைரியமாக இருப்பதும் ஆபத்து, ஏனென்றால் உங்கள் விஷயத்தில் வலி இல்லாதது நல்ல செய்தி ஆகாது. காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், கீமோதெரப்பி எடுத்துக்கொள்கிறவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான்.

மூலைக்கு அடியில் பஞ்சு வைத்தால் நகம் மேலே வருமாமே?

ஆரம்ப கட்டத்தில் வரும். அதாவது சிவப்பும் வலியும் மட்டும் இருந்து, சீழ் இல்லாமல், மூலை கண்ணுக்குத் தெரிகிற நிலையில். ஊறவைத்த பிறகு, அரிசியளவு பஞ்சை எடுத்துத் திரி மாதிரி உருட்டி, நகத்தின் மூலைக்கும் சதைக்கும் நடுவில் மெதுவாக நுழைக்க வேண்டும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூல் துண்டையும் சிலர் வைக்கிறார்கள். நோக்கம் நகத்தைத் தூக்கி நிமிர்த்துவது இல்லை. அது சதையின் மேலாக ஊர்ந்து முன்னே போக வழி விடுவதுதான். தினமும் மாற்ற வேண்டும். ஈரப் பஞ்சு அங்கேயே இரண்டு நாள் கிடந்தால் அதுவே கிருமிக்கு வீடு.

பஞ்சு வைக்கப் பயமாக இருந்தால் பிளாஸ்டர் முறை இன்னும் எளிது. ஒட்டும் பிளாஸ்டரை விரலகலத்துக்கு நீளமாக வெட்டி, ஒரு நுனியை வலிக்கும் ஓரச் சதையின் மேல், நகத்தின் மீது படாமல் ஒட்டுங்கள். சதையை நகத்தை விட்டு வெளியே இழுத்தபடி பிளாஸ்டரை விரலின் அடிப்பக்கமாகச் சாய்வாகக் கொண்டுபோய் மறுபக்கம் ஒட்டிவிடுங்கள். விரலை முழுக்கச் சுற்றி இறுக்கக் கூடாது. நுனி வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே பிரியுங்கள். ஈரத் தோலில் பிளாஸ்டர் நிற்காது, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும்.

எத்தனை நாள் இப்படிப் பார்ப்பது? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஒழுங்காகச் செய்தால் மூன்று நாளில் தெறிப்பு குறைய வேண்டும். போர்வை பட்டாலும் வலித்தது, அழுத்தினால் மட்டும் வலிக்கிறது என்கிற அளவுக்காவது இறங்க வேண்டும். குறைந்தால் ஒன்றிரண்டு வாரம் தொடருங்கள். மூன்று நாளில் கொஞ்சமும் அசையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் மேலும் காத்திருந்து ஆவது ஒன்றுமில்லை.

சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். பார்வையை நம்பாதீர்கள், கோட்டை நம்புங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டி விரலின் அடிக்கோ பாதத்துக்கோ ஏறினாலும், காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடாக ஓடினாலும், காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தாலும், விரல் கறுத்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாள் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. மாத்திரையை மாற்ற வேண்டுமா?

மாத்திரை தன் வேலையைச் செய்தது. முள் தன் வேலையைத் தொடர்ந்தது.

எங்களிடம் வந்த ஒரு பையனின் கதையைச் சொன்னால் புரியும். பதினேழு வயது, ஃபுட்பால் ஆடுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வலது கட்டைவிரலின் உள்ஓர மூலையைத் தோண்டி எடுத்திருக்கிறான். புதன்கிழமை தெறிக்க ஆரம்பித்தது. அம்மா சொல்லி ஒரு நாளைக்கு நாலு தடவை ஊறவைத்தான். சனிக்கிழமைக்குள் சிவப்பு பாதியானது. அன்று மாலையே பழைய, ஒரு அளவு சின்னதான பூட்ஸை மாட்டிக்கொண்டு மேட்ச் ஆடினான். ஞாயிறு காலை சீழ். மாத்திரை எழுதித் தந்தார்கள், ஐந்து நாளில் காய்ந்தது. மாத்திரை நின்று ஒன்பதாவது நாள் மறுபடி வலி. இரண்டாவது கோர்ஸ், மறுபடி அதே சுற்று. எங்களிடம் வந்தபோது ஆறாவது வாரம். ஓரத்தில் பட்டாணி அளவுக்குச் சிவப்பாகச் சதை வளர்ந்து நகத்தின் மேல் படுத்திருந்தது, சாக்ஸ் பட்டாலே ரத்தம்.

டாக்டர் அந்த ஓரத்தில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு நகப்பட்டையை எடுத்தார். எடுத்ததைத் துணியில் வைத்து அவனிடம் காட்டினோம். பட்டையின் பக்கத்தில் 4 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கொக்கி. முதல் ஞாயிற்றுக்கிழமை விட்டுவைத்த முள். ஆறு வாரமும் இரண்டு கோர்ஸ் மாத்திரையும் அதற்குத்தான் செலவாகியிருந்தன. "இவ்ளோதானாக்கா?" என்று கேட்டான்.

சிவப்பு பரவும்போதும், காய்ச்சல் இருக்கும்போதும், சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆன்டிபயாட்டிக் அவசியம். மற்றபடி முள்ளை எடுத்தாலே சின்னக் கிருமித் தொற்று பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். மேலே தடவும் களிம்பு சதைக்குள் ஆழத்தில் இருக்கும் முள்ளை எட்டாது.

ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்ந்திருக்கிறது, தொட்டாலே ரத்தம் வருகிறது. இது என்ன?

பழைய ஆட்கள் துர்மாமிசம் என்பார்கள். உடம்பு புண்ணை மூடப் பார்க்கிறது, முள் மறுபடி மறுபடி கிழிக்கிறது, அதனால் ஆற வேண்டிய சதை அளவு மீறி வளர்கிறது. பயப்பட வேண்டிய கட்டி இல்லை. ஆனால் இந்தக் கட்டத்தில் ஊறவைப்பதும் பஞ்சும் பெரும்பாலும் வெல்லாது, சிறு அறுவை வேண்டும் என்பதற்கு இதுதான் தெளிவான அடையாளம். சீழ் நிற்காமல் வடிவது, ஒரே ஓரத்தில் இரண்டு மூன்று தடவை திரும்ப வருவது, சரியான ஷூ போட்டும் நடக்க முடியாமல் போவது ஆகியவையும் இதே பக்கம்தான் கை காட்டும்.

ஒன்று மட்டும்: நகம் எங்கேயும் குத்தாமலே இப்படிச் சதை வளர்ந்தாலோ, நகத்தையோ சுற்றியுள்ள தோலையோ கறுப்பு நிறம் பிடித்தாலோ, முள்ளை எடுத்த பிறகும் ஆறாவிட்டாலோ அதைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அரிதாக, தோல் புற்று இந்த வேஷத்தில் வருவதுண்டு.

ஆபரேஷன் என்றாலே பயமாக இருக்கிறது. உண்மையில் என்ன செய்வார்கள்?

மயக்கமும் கிடையாது, தங்கவும் வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

முதலில் விரலின் அடியில் இரண்டு பக்கமும், மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஊசி. எல்லாமாக இரண்டு முதல் நான்கு மில்லி மருந்து போகும். மறைக்காமல் சொல்கிறேன், இந்த ஊசிதான் முழு வேலையிலும் வலிக்கிற பகுதி. மருந்து ஏறும்போது விரலுக்குள் எரிந்து விம்முகிற மாதிரி இருக்கும், அரை நிமிடத்துக்கு. பிறகு ஐந்து பத்து நிமிடம் விடுவார்கள். தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியக் கூடாது. கூராக ஏதாவது உணர்ந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதற்குப் பரிசு எதுவும் தருவதில்லை.

ரத்தம் மறைக்காமல் இருக்க விரலின் அடியில் ரப்பர் பட்டை போடுவார்கள். அப்புறம் குத்திக்கொண்டிருக்கும் ஓரத்தில் மட்டும், நகத்தின் கால்வாசிக்கும் குறைவான அகலத்துக்கு, நுனியிலிருந்து வேர் வரை நேராக வெட்டி அந்தப் பட்டையை இழுத்து எடுப்பார்கள். வளர்ந்த சதையை வழித்துவிடுவார்கள்.

இதோடு நிறுத்தினால் அதே அகலத்தில் நகம் திரும்ப முளைக்கும், தொல்லையும் பலருக்குத் திரும்ப வரும். அதனால் மறுபடி மறுபடி வந்தவர்களுக்கு, அந்த ஓரத்தின் வேரில் மட்டும் பஞ்சு நுனியால் ஃபீனால் என்கிற ரசாயனத்தைத் தொட்டுத் தேய்ப்பார்கள், ஏறக்குறைய ஒரு நிமிடமாக இரண்டு மூன்று தடவை. வேரின் அந்தப் பகுதி கருகிப் போகும். நகம் கொஞ்சம் ஒடுங்கியே வளரும், அந்த ஓரம் வராது. அதன் பிறகு திரும்ப வருவது வெகு சிலருக்குத்தான். கர்ப்பமாக இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டாலோ, விரலுக்கு ரத்த ஓட்டம் போதாமல் இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள், முறையை மாற்றுவார்கள்.

கட்டுப் போடும் முன் ரப்பர் பட்டையைக் கழற்றி, விரல் மறுபடி சிவப்பேறுகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. நீங்களும் ஒரு கண் வையுங்கள்.

அதற்கப்புறம் எத்தனை நாள் படுக்கை?

படுக்கையே இல்லை. மரப்பு விட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் வீடு போய்க் காலை உயர்த்தி வைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போக ஷூ வேண்டாம், திறந்த செருப்பு கொண்டுவாருங்கள். ஆட்டோவிலோ காரிலோ பின்னால் உட்கார்ந்து போங்கள், மரத்த காலோடு வண்டி ஓட்ட வேண்டாம்.

முதல் நாள் இரவு கட்டுத் துணியில் கொஞ்சம் ரத்தக் கறை தெரிவது சகஜம். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கட்டை நனைத்துப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வாசலின் வைத்து, புண்ணில் ஒட்டாத துணியால் கட்ட வேண்டும். பிறகு தினமும் இதே வேலை. ஃபீனால் வைத்தவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம் வரை, மஞ்சளாக நீர்த்த கசிவு வரும். அது சீழ் இல்லை, ரசாயனத்தால் சுட்ட புண் ஆறுகிற விதம் அது. இதைச் சொல்லி அனுப்ப மறந்தால் இரண்டாம் வாரம் ஃபோன் வந்துவிடும். வலி குறைந்துகொண்டே வர வேண்டும் என்பதுதான் அளவுகோல். குறைந்த வலி திடீரென்று கூடினாலோ, சிவப்பு விரலை விட்டு ஏறினாலோ திரும்பி வாருங்கள்.

உட்கார்ந்த வேலை என்றால் மறுநாளே போகலாம். ஓட்டமும் பந்தும் கசிவு நின்று, ஷூ வலிக்காமல் இருந்த பிறகு. அந்தப் பையன் நாலாவது வாரம் மைதானத்துக்குப் போனான், புது பூட்ஸில்.

இனிமேல் நகத்தை எப்படி வெட்டுவது? வளைவாக வெட்டினால் தானே அழகு?

கை நகத்துக்கு வளைவு சரி. கால் கட்டைவிரலுக்கு நேர்கோடு.

குளித்த பிறகு, நகம் இளகியிருக்கும்போது வெட்டுங்கள். காய்ந்த தடித்த நகம் விரிசல் விட்டு ஓரத்தில் கிழியும், கிழிந்தால் முள். வாய் வளைந்த சின்ன நகவெட்டியைவிட நேர்வாய் உள்ள பெரிய வெட்டி நல்லது. ஒரே கடியில் முழு அகலத்தையும் வெட்டப் பார்க்காதீர்கள், ஒரு ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் கடியாக நேராக வாருங்கள். நீளம் விரல் நுனியோடு சமமாக இருக்கட்டும். இரண்டு மூலைகளும் சதையைத் தாண்டி வெளியே, கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெட்டி முடித்ததும் மூலையின் அடியில் ஒரு அட்டைத் துண்டின் நுனியை நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் சரி, நுழையவில்லை என்றால் அதிகமாக வெட்டிவிட்டீர்கள். மூலை சாக்ஸில் மாட்டுகிறதே என்றால், அரத்தால் கூரை மட்டும் மழுக்குங்கள். கீழே இறக்கி வெட்டாதீர்கள். பிய்க்கவே கூடாது.

ஏற்கெனவே ஓரத்தை ஆழமாக வெட்டியிருந்தால் பொறுமை வேண்டும். கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், கட்டைவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். மூலை ஐந்து மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது என்றால் அது சதையைத் தாண்ட மூன்று நான்கு மாதம். அந்த இடைக்காலத்தில் லேசாக உறுத்தும்போதுதான் கை துருதுருவென்று நகவெட்டியைத் தேடும். அப்போது வெட்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிளாஸ்டரால் சதையை இழுத்துக் கட்டி, வளர விட்டுவிடுங்கள்.

நகத்தின் நடுவில் ஆங்கில வி மாதிரி வெட்டினால் ஓரங்கள் உள்பக்கமாகச் சேரும் என்கிறார்களே?

சேராது. நகம் வேரிலிருந்து முன்னோக்கி வளர்கிறது. நுனியில் இருப்பது உயிரில்லாத தகடு, அங்கே போட்ட வெட்டு வேருக்குத் தெரியாது.

பேசாமல் முழு நகத்தையும் எடுத்துவிட்டால் தொல்லை விட்டதில்லையா?

தொல்லை கூடலாம். முழு நகமும் போனால், அழுத்திப் பிடிக்க ஆள் இல்லாமல் விரல் நுனிச் சதை மேலே எழும்பி மேடு கட்டும். புதிதாக வரும் நகம் அந்த மேட்டில் முட்டி, இந்தத் தடவை ஓரத்தில் மட்டுமல்ல, முன்பக்கமும் உள்ளே இறங்கும். தடித்துக் கோணலாக வளரவும் செய்யும். அதனால் குத்துகிற ஓரத்தை மட்டும் எடுப்பதே இப்போதைய வழக்கம். முழு நகத்தை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், "அந்த ஓரத்தை மட்டும் எடுத்து வேரில் ஃபீனால் வைக்க முடியாதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேறு காரணம் இருந்தால் அதை அவர்களே சொல்வார்கள்.